கழுவும் சர்வீஸா, இணைப்புச் சோதனையா: கம்ப்ரஸர் தீயைத் தடுப்பது எது?

ஏசிக்கு ஆண்டுக்கு இருமுறை தண்ணீர் அடித்துக் கழுவும் சர்வீஸையே பல ஆண்டுகள் நம்பியிருந்த நான், இப்போது அதை ஒருமுறையாகக் குறைத்துவிட்டு, கம்ப்ரஸரின் மின்னிணைப்புகளைச் சோதிக்கும் டெக்னீஷியனை ஆண்டுக்கு ஒருமுறை அழைக்கிறேன்.

கழுவுவது வீண் வேலையன்று. கண்டன்ஸரில் தூசி படிந்தால் வெப்பம் வெளியேறாமல் அழுத்தம் உயர்கிறது. கம்ப்ரஸர் கூடுதல் மின்னோட்டம் இழுக்கிறது. ஆனால் கழுவ வருபவர், கம்ப்ரஸரில் வயர்கள் இணையும் டெர்மினலின் மூடியைப் பொதுவாகத் திறப்பதில்லை. தீ தொடங்கக்கூடிய இடங்களுள் அதுவும் ஒன்று.

தளர்ந்த இணைப்பில் அரை ஓம் மின்தடை உருவாகி, அதன் வழியே 7 ஆம்பியர் ஓடினால், அந்த ஒரே புள்ளியில் ஏறத்தாழ 25 வாட் வெப்பம் பிறக்கும். அது ஒரு சிறிய சால்டரிங் அயர்னின் வெப்பம். மின்னோட்டத்தின் அளவு உயராததால், மிகை மின்னோட்டத்தைத் துண்டிக்கும் எம்சிபி இதை உணர்ந்து விழாது. 2017-இல் லண்டனின் கிரென்ஃபெல் கோபுரத் தீ ஒரு ஃப்ரிட்ஜில் தொடங்கியது. கம்ப்ரஸரைத் தொடங்கிவைக்கும் ரிலே உள்ள பகுதியில் சரியாக இறுக்கப்படாத வயர் இணைப்பு சூடேறியிருக்கலாம் என்றே விசாரணையில் நிபுணர் ஒருவர் சுட்டிக்காட்டினார்.

எங்கள் வெளி யூனிட்டில், ஓடத் தொடங்கிப் பத்து நிமிடத்தில் மீன் வாடை போன்ற நாற்றம் எழுந்து, நிறுத்தியதும் மறைந்தது. சூடேறும் பிளாஸ்டிக்கும் இன்சுலேஷனும் அப்படித்தான் நாறும். மெயின் ஸ்விட்சை அணைத்து, கெப்பாசிட்டரின் மின்னேற்றத்தை நீக்கிய பிறகே டெக்னீஷியன் மூடியைத் திறந்தார். ஒரு வயரின் முனை பழுப்பேறிக் கருகியிருந்தது. அதைக் குறடால் நெருக்கி மீண்டும் செருகினால் போதாது. சூடேறிய கிளிப் தன் பிடிப்பை இழந்துவிடுகிறது. பளபளக்கும் செம்பு தெரியும்வரை வயரை வெட்டி, வெப்பம் தாங்கும் புதிய கிளிப்பை அழுத்திப் பொருத்தினார். கிளிப் செருகும் கம்ப்ரஸரின் உலோக முனையே அரிக்கப்பட்டிருந்தால் கம்ப்ரஸரையே மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

ஃப்ரிட்ஜைப் பொறுத்தவரை என் அனுபவம் ஒரே பெட்டியோடு நிற்கிறது. அதில் நாற்றத்துக்கு முன்பே ஒலி எச்சரித்தது: சில நொடி உறுமல், ஒரு ‘டக்’, சில நிமிட மௌனம், மீண்டும் உறுமல். கம்ப்ரஸர் சுழல முடியாமல் திணற, ஓவர்லோடு புரொடக்டர் அதைத் துண்டிக்கும் ஒலி அது. தோல்வியுறும் ஒவ்வொரு முயற்சியிலும் வழக்கத்தைவிடப் பல மடங்கு மின்னோட்டம் பாய்வதால், பிளக்கைப் பிடுங்கிவிட்டு ரிலேயை மாற்றச் சொன்னேன். கழற்றிய ரிலேயைக் குலுக்கியபோது உள்ளே உடைந்த துண்டு கலகலத்தது. அன்று பின்புறத் தூசியை மட்டும் தட்டியிருந்தால் அந்த உறுமல் நின்றிருக்காது.