நோ-டெபாசிட், ஸ்டிக்கி, நான்-ஸ்டிக்கி: எந்த போனஸில் பணம் கைக்கு வரும்?

ஆன்லைன் கேசினோவில் புதிதாகக் கணக்குத் தொடங்குபவர்கள் பெரும்பாலும் போனஸ் எவ்வளவு என்றுதான் பார்க்கிறார்கள். அதைவிட முக்கியமான கேள்வி ஒன்று இருக்கிறது. ஜெயித்த பணத்தை எப்போது வெளியே எடுக்க விடுவார்கள்? மூன்று வகை போனஸும் பிரிவது இந்த இடத்தில்தான்.

முதலில் நோ-டெபாசிட். கையிலிருந்து ஒரு பைசா போடாமலே கணக்கில் 10 வருகிறது என்று வைத்துக்கொள்வோம். கூடவே '40 மடங்கு வேஜரிங்' என்ற நிபந்தனையும் வரும். அதாவது மொத்தம் 400க்குப் பந்தயம் கட்டி முடித்த பிறகுதான் பணம் உங்களுடையது. ஸ்லாட் விளையாட்டில் கேசினோவின் பங்கு 4 சதவீதம் என்றால், 400க்கு ஆடும்போது சராசரியாக 16 போகும். கையில் இருப்பதோ 10. அதனால் பெரும்பாலானவர்களுக்குப் பாதி வழியிலேயே கணக்கு காலியாகிவிடும். தப்பித்து 180 வரை சேர்த்தாலும், எடுக்கக்கூடிய உச்சத் தொகை 50 என்று விதி இருந்தால் 50தான் வரும், மீதி 130 அழிக்கப்படும். சில தளங்களில் அந்த 50ஐ எடுப்பதற்கும் முதலில் சொந்தப் பணம் கொஞ்சம் டெபாசிட் செய்யச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், இதை வருமானமாக நினைக்க வேண்டாம். தளம் அடையாளச் சரிபார்ப்பை எப்படிச் செய்கிறது, பணத்தை எவ்வளவு நாளில் அனுப்புகிறது என்று பார்க்க மட்டும் இது உதவும்.

சரி, டெபாசிட் போனஸுக்கு வருவோம். நீங்கள் 100 போடுகிறீர்கள், தளம் 100 தருகிறது, போனஸுக்கு 35 மடங்கு வேஜரிங், அதாவது 3,500. ஸ்டிக்கி என்றால் இரண்டும் ஒரே பையில் விழுந்து 200 ஆகிவிடும். வேஜரிங் முடியும்வரை ஜெயித்த பணத்தைத் தொட முடியாது. நான்-ஸ்டிக்கியில் இரண்டு பைகள். உங்கள் 100தான் முதலில் செலவாகும். அது தீர்ந்த பிறகே போனஸ் பை திறக்கும். திறக்கும்வரை வேஜரிங் உங்களைக் கட்டுப்படுத்தாது.

இப்போது இரண்டிலும் ஒரே அதிர்ஷ்டம் அடிக்கிறது என்று பார்ப்போம். பந்தயத்துக்கு 2 வீதம் 30 தடவை ஆடியதில், உங்கள் 100 கூடி 300 ஆகிவிட்டது. நான்-ஸ்டிக்கியில் அந்த நிமிடமே 300ஐயும் எடுத்துக்கொண்டு போகலாம். தொடாத போனஸ் ரத்தாகும், அதில் உங்களுக்கு நஷ்டம் எதுவும் இல்லை. ஸ்டிக்கியில் திரையில் 400 தெரியும், ஆனால் ஆடி முடித்தது 60 மட்டுமே. இன்னும் 3,440க்கு ஆட வேண்டும். அதே 4 சதவீதக் கணக்கில் சராசரியாக 138 அளவுக்குக் கரையும், 262 போல மிஞ்சும். சராசரி என்பதால் சிலருக்கு இன்னும் கூடும், சிலருக்கு எதுவுமே மிஞ்சாது. இதோடு முடியவில்லை. ஸ்டிக்கி என்ற சொல்லை இரண்டு பொருளில் பயன்படுத்துகிறார்கள். சில தளங்களில் வேஜரிங் முடிந்ததும் போனஸும் உங்கள் பணமாகிவிடும். வேறு சிலவற்றில் பணம் எடுக்கும்போது போனஸ் 100ஐக் கழித்துக்கொள்வார்கள், அப்போது கைக்கு வருவது 162தான். திரையில் அதிகமாகத் தெரிந்த 400, நான்-ஸ்டிக்கியின் 300ஐவிடக் குறைவான பணம்.

கவனமாக ஆட நினைக்கும் புதியவருக்கு நான்-ஸ்டிக்கிதான் சரி என்பேன். ஆனால் போனஸ் பை திறந்துவிட்டால் அந்த மேன்மை போய்விடும். போனஸ் 100ஐ வைத்து 3,500க்கு ஆடினால் சராசரி இழப்பு 140, போனஸைவிட அதிகம். பாதியில் நிறுத்துவதால் சொந்தப் பணம் எதுவும் போகப்போவதில்லை, அது முன்பே தீர்ந்துவிட்டது. அப்புறம், அந்த 100ஐத் துரத்திக்கொண்டு மறுபடி டெபாசிட் செய்ய வேண்டாம்.

எது எந்த வகை என்று விளம்பரத்தில் பெரும்பாலும் எழுதியிருக்காது. போனஸ் விதிகளைத் திறந்து, உண்மைப் பணம் முதலில் செலவாகும் என்ற வரி இருக்கிறதா, பணம் எடுத்தால் ரத்தாவது போனஸ் மட்டுமா, ஜெயித்ததும் சேர்ந்து போகுமா என்று பாருங்கள். பணப் பகுதியில் இரண்டு தொகைகள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல அறிகுறி, ஆனால் அது மட்டும் போதாது. டெபாசிட் செய்வதற்கு முன்பே சாட்டில் கேட்டு, வந்த பதிலைப் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நான்-ஸ்டிக்கியிலும் ஒரு வழுக்கல் உண்டு. சொந்தப் பையில் 1 மட்டும் மிஞ்சியிருக்கும்போது 2க்குப் பந்தயம் கட்டினால், குறையும் 1 போனஸிலிருந்து எடுக்கப்படலாம். அந்த ஒரு சுற்றோடு வேஜரிங் தொடங்கிவிடும். அந்தச் சுற்றில் பெரிதாக ஜெயித்தாலும் பணம் பூட்டப்பட்டுவிடும். அதனால் சொந்தப் பணம் குறையக் குறைய, பந்தயத்தையும் அதற்கேற்பக் குறைத்துக்கொண்டே வாருங்கள்.