நாலுக்கு ஆறு தாளில் எட்டு போட்டோ: பார்டரோடா, பார்டர் இல்லாமலா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கப் போனால், ஓரம் வரை நிறம் நிரம்பிய பளபளப்பான தாளைத்தான் பலரும் விரும்புகிறார்கள். அளவு சரியாக வேண்டுமென்றால் நான் வெள்ளை ஓரம் விட்ட தாளையே எடுப்பேன்.

35 × 45 மி.மீ. படம் என்று வைத்துக்கொள்வோம். தாளின் அளவு 152.4 × 101.6 மி.மீ. படுக்கவாட்டில் வரிசைக்கு நான்காக இரண்டு வரிசை, இடையில் 1 மி.மீ. சந்து விட்டால் மொத்தம் 143 × 91 மி.மீ. சுற்றிலும் ஏறத்தாழ 5 மி.மீ. மிஞ்சும். பெரும்பாலான இங்க்ஜெட் பிரிண்டர்களுக்கு அந்த ஓரம் போதும்.

Borderless தேர்ந்தால் பிரிண்டர் படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கி, தாளுக்கு வெளியே வழியவிடும். விளிம்பில் வெள்ளைக் கீற்று தெரியாமலிருக்கத்தான் இந்த ஏற்பாடு. 2 சதவீதம் பெரிதானால்கூட 35 என்பது 35.7 ஆகிவிடும். சில பிரிண்டர்களில் இந்த விரிவைக் குறைக்கலாம், ஆனால் எல்லாவற்றிலும் முழுதாக நிறுத்த முடியாது. பார்டரோடு அடிக்கும்போது Actual size அல்லது 100% என்று வையுங்கள். Fit to page இருந்தால் படம் சுருங்கிவிடலாம்.

ஒரு படத்தை மட்டும் அளந்தால் அரை மி.மீ. பிழை கண்ணுக்குத் தப்பிவிடும். நான்கு படங்களையும் சேர்த்து, முதல் படத்தின் இடது விளிம்பிலிருந்து கடைசிப் படத்தின் வலது விளிம்பு வரை ஸ்கேல் வையுங்கள். 143 வர வேண்டும். 146-ஐத் தொட்டால் படம் பெரிதாகி வந்திருக்கிறது. வெட்டுவதற்கு முன்பே அளந்துவிடுங்கள்.