வாரம் ஒரு முறையா, இரண்டு முறையா? 190 லிட்டர் ஃபிரிட்ஜுக்கு எவ்வளவு காய் வாங்குவது

ஐந்து வருடம் நாங்கள் ஞாயிற்றுக்கிழமை மட்டும்தான் காய் வாங்கினோம். மதுரை அண்ணா நகர் உழவர் சந்தைக்கு விடியற்காலையில் போய் இரண்டு கட்டைப் பை நிறைய வாங்கி வந்தால் அடுத்த ஞாயிறு வரை கவலையில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தோம். ஆனால் வியாழக்கிழமை காய்கறி ட்ரேயை இழுத்தால் அடியில் தண்ணீர் தேங்கியிருக்கும், கீரை கறுத்துக் குழைந்திருக்கும், பீன்ஸ் தொட்டால் பிசுபிசுக்கும். போன ஆடியிலிருந்து ஞாயிறு ஒரு முறை, புதன் மாலை ஒரு முறை என்று மாற்றிக்கொண்டோம். இனி பழைய முறைக்குப் போவதாக இல்லை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன்.

தினமும் வாங்குவது என்று மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு. என் மாமியாருக்கு இன்றைக்கும் அதுதான் பிடிக்கும். வாசலுக்கு வரும் தள்ளுவண்டியில் அன்றைக்குத் தேவையானதை மட்டும் வாங்கினால் ஃபிரிட்ஜே வேண்டாம். ஆனால் எங்கள் தெருவுக்கு வண்டி வருவது காலை பத்து மணிக்கு. அதற்குள் சமையல் முடிந்து நானும் கணவரும் வேலைக்குப் போயிருப்போம். பகலில் வீட்டில் ஆள் இருந்து, பகலில்தான் சமைக்கவும் செய்கிறீர்கள் என்றால் அதைவிடப் புதிதான காய் வேறு வழியில் கிடைக்காது.

வாரம் ஒரு முறை வாங்குவதில் உள்ள நன்மை தெரிந்ததுதான். ஒரே அலைச்சல். சந்தையில் விலை குறைவு, காயும் அன்று பறித்ததாக இருக்கும். புதன் மாலை நாங்கள் போகும் தெருமுனைக் கடையில் கிலோவுக்கு ஐந்து, பத்து ரூபாய் கூடத்தான் கொடுக்கிறோம். ஆனால் குப்பைக்குப் போன காயை மூன்று வாரம் எழுதி வைத்துப் பார்த்தபோது, வாரத்துக்கு ஒரு கட்டுக் கீரையும் அரைக் கிலோ காயும் குறையாமல் வீணாகியிருந்தது. கடையில் கூடுதலாகக் கொடுப்பது அந்த நஷ்டத்துக்குள் அடங்கிவிடுகிறது.

காய் எத்தனை நாள் தாங்கும் என்பதை எல்லோரும் யோசிக்கிறோம். அது எவ்வளவு இடம் பிடிக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. கிலோ கணக்கில் வாங்குகிறோம், ஃபிரிட்ஜோ லிட்டர் கணக்கில் இருக்கிறது. ஒரு நாள் ட்ரேயைக் கழற்றிக் குளியலறையில் வைத்து, ஒரு லிட்டர் பாட்டிலால் தண்ணீர் ஊற்றி அளந்தேன். பதினாறு பாட்டில் கொண்டது. 190 லிட்டர் ஃபிரிட்ஜில் காய்க்கென்று இருப்பது பதினாறு லிட்டர்தான். அதையும் முழுக்க அடைக்கக் கூடாது. காய்களுக்கு நடுவே காற்றுப் போக வழி இல்லாவிட்டால் அவை விடும் ஈரம் அங்கேயே தங்கி, ஒன்று அழுகினால் பக்கத்தில் இருப்பதும் அழுகும். முக்கால் பங்குதான் கணக்கு என்று வைத்தால் பன்னிரண்டு லிட்டர்.

மேல் தட்டு இருக்கிறதே என்று கேட்கலாம். எங்கள் வீட்டில் ஞாயிறுதான் மாவு அரைக்கும் நாள். இரண்டு தூக்கு மாவு நடுத்தட்டை முழுக்கப் பிடித்துக்கொள்ளும். மேல் தட்டில் பாலும் தயிரும். ஃபிரீசருக்கு நேர் கீழேயும் பின்சுவரை ஒட்டியும் குளிர் அதிகம், அங்கே வைத்த கொத்தமல்லி உறைந்து, எடுத்ததும் துவண்டுவிடும். ஆக, ஃபிரிட்ஜில் மிக நெருக்கடியான நாளில்தான் ஒரு வாரக் காயையும் கொண்டுவந்து திணித்துக்கொண்டிருந்தோம்.

எங்கள் வீட்டில் நான்கு பேர். வெங்காயம், தக்காளி, உருளையை விட்டுவிட்டால் வாரத்துக்கு ஐந்தரை கிலோ காய் ஆகிறது. பழைய முறையில் ஞாயிறு வாங்கியதை இடக்கணக்கில் சொல்கிறேன். இரண்டு கட்டுக் கீரை ஆறு லிட்டர் இடம் பிடிக்கும், எடையோ அறுநூறு கிராம்கூட வராது. ஒரு காலிஃபிளவர் மூன்று லிட்டர். பீன்ஸும் வெண்டையும் அரைக் கிலோவுக்கு இரண்டிரண்டு லிட்டர். கத்தரி, புடலை ஒன்றரை ஒன்றரை. ஒரு கிலோ முட்டைக்கோஸ் இரண்டு லிட்டர், கேரட்டும் பீட்ரூட்டும் அரைக் கிலோவுக்கு ஒவ்வொரு லிட்டர்தான். கொத்தமல்லி, புதினா, கறிவேப்பிலை சேர்த்து இரண்டு. மொத்தம் இருபத்திரண்டு லிட்டர். இருக்கும் இடமோ பன்னிரண்டு.

கணக்கை எழுதிப் பார்த்தபோதுதான் ஒன்று பிடிபட்டது. சீக்கிரம் கெடும் காய்கள்தான் அதிக இடத்தையும் அடைக்கின்றன. கீரை இரண்டு நாள், நன்றாகச் சுற்றி வைத்தால் மூன்று நாள். வெண்டை, புடலை, பீர்க்கு மூன்று நாள். பீன்ஸ், அவரை நான்கைந்து நாள். காலிஃபிளவர் ஐந்தாறு நாள். நாள்பட நிற்கிற கேரட், பீட்ரூட், கோஸ், சௌசௌ எல்லாம் இரண்டு வாரம் தாங்கும், இடமும் கொஞ்சம்தான் கேட்கும். கேரட்டுக்கும் முள்ளங்கிக்கும் தழையை வெட்டிவிட வேண்டும், இல்லையென்றால் தழை கிழங்கின் ஈரத்தை உறிஞ்சி அதை வாட விட்டுவிடும். சேனை, கருணை, வெட்டாத பூசணி இவையெல்லாம் ஃபிரிட்ஜுக்கே வர வேண்டாம். அதனால் சீக்கிரம் கெடுபவற்றை மட்டும் இரண்டாகப் பிரித்து வாங்கினாலே இடப்பிரச்சினை தீர்ந்துவிடும்.

இப்போது ஞாயிறு வாங்குவது வெண்டை, பீன்ஸ், கோஸ், கேரட், பீட்ரூட், கொத்தமல்லி வகையறா. பத்து லிட்டருக்குள் அடங்குகிறது. ஒரு கட்டுக் கீரையும் வாங்குவேன், ஆனால் அது ட்ரேக்குப் போகாது, அன்று மதியமே கடைந்துவிடுவேன். திங்கள் வெண்டைக்காய், செவ்வாய் பீன்ஸ், புதன் பாதிக் கோஸும் பாதிக் கேரட்டும். புதன் மாலை ட்ரேயில் மிச்சம் நான்கு லிட்டர்தான் இருக்கும். அதில் ஒரு கீரைக்கட்டும் ஒரு காலிஃபிளவரும் புடலையும் சேர்ந்தால் பதினொன்றரை. கத்தரிக்காய் வெளியில் இருந்து வியாழன் சாம்பாருக்குப் போய்விடும். வியாழனே கீரை, வெள்ளி புடலங்காய்க் கூட்டு, சனி காலிஃபிளவர். ஞாயிறு காலை ட்ரேயில் கொஞ்சம் கேரட்டோ பீட்ரூட்டோ கிடக்கும். அப்போது ஈரத்துணியால் ட்ரேயைத் துடைத்துக் காயவைக்கவும் முடிகிறது. முன்பெல்லாம் அதற்கு வாய்ப்பே கிடைக்காது.

கத்தரியை ஏன் வெளியில் வைக்கிறேன் என்று சொல்ல வேண்டும். கத்தரி, வெண்டை, வெள்ளரி மூன்றும் வெப்பத்தில் விளைகிற காய்கள். பத்து டிகிரிக்குக் கீழே போனால் கத்தரியும் வெள்ளரியும், ஏழுக்குக் கீழே போனால் வெண்டையும் உள்ளுக்குள் அடிபட ஆரம்பிக்கும். நம் ஃபிரிட்ஜின் உள்ளே மூன்றிலிருந்து ஐந்து டிகிரி இருக்கும். முதல் இரண்டு நாள் ஒன்றும் தெரியாது. அப்புறம் கத்தரியின் தோலில் சின்னச் சின்னக் குழி விழும், வெட்டினால் விதை பழுப்பாக இருக்கும். வெண்டையில் கரும்புள்ளி வந்து வழவழப்பு ஏறும். கெட்ட காயைக் கொடுத்துவிட்டார்கள் என்று சந்தைக்காரரை எத்தனையோ தடவை மனத்துக்குள் திட்டியிருக்கிறேன். கெடுத்தது என் ஃபிரிட்ஜ்தான். இந்த மூன்றையும் மூன்று நாளைக்கு மேல் தேவைப்படுகிற அளவில் வாங்குவதே தவறு, எவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ் இருந்தாலும்.

தக்காளியும் வெளியில்தான். ஒரு கிலோ வாங்கினால் பாதி பழமாகவும் பாதி செங்காயாகவும் பொறுக்குகிறேன். பழம் புதன் வரைக்கும், செங்காய் அதற்குள் பழுத்து மீதி வாரத்துக்கும். சித்திரை, வைகாசியில் இது இரண்டு நாள் முன்னாலேயே பழுத்துவிடும் என்பதால் அப்போது ஞாயிறு முக்கால் கிலோவோடு நிறுத்திக்கொள்கிறேன். தக்காளியையும் வாழைப்பழத்தையும் கீரைக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. பழுக்கும்போது அவை விடும் எத்திலீன் வாயு கீரையைச் சீக்கிரமே மஞ்சளாக்கிவிடும்.

கீரைக்கு நான் செய்வது இதுதான்: கழுவுவதில்லை. வேரை வெட்டி, பழுத்த இலையைக் கிள்ளி எறிந்துவிட்டு, பழைய வேட்டித் துணியில் தளர்வாகச் சுற்றி ட்ரேயில் எல்லாவற்றுக்கும் மேலே வைக்கிறேன். துணி ஈரத்தை வாங்கிக்கொள்கிறது, கீரையும் நசுங்காமல் இருக்கிறது. பிளாஸ்டிக் பையில் முடிச்சுப் போட்டு வைத்த காலத்தில் மறுநாளே உட்புறம் வியர்த்துவிடும்.

பெரிய ஃபிரிட்ஜ் வாங்கிவிட்டால் வாரம் ஒரு முறை போதாதா என்று கணவர் கேட்டார். கோயம்புத்தூரில் அக்கா வீட்டில் முந்நூறு லிட்டருக்கு மேல், இரட்டைக் கதவு. அங்கே விருந்தாளியாகப் போன நாட்களில் பார்த்ததை வைத்துத்தான் சொல்கிறேன், வருடக்கணக்கில் புழங்கியதில்லை. அவள் ட்ரேயில் இருபத்திரண்டு லிட்டர் தாராளமாகப் பிடிக்கும். ஆனால் அந்த வகை ஃபிரிட்ஜில் விசிறி உள்ளே காற்றைச் சுற்றவிட்டுக்கொண்டே இருக்கும், காற்றும் வறண்டது. மூடாமல் வைத்த கீரையும் பீன்ஸும் எங்கள் வீட்டைவிட வேகமாக வாடுவதைப் பார்த்தேன். அவளும் கீரையை ஞாயிறு, திங்கள் இரண்டு நாளோடு முடித்துவிட்டு, மீதி வாரம் கீரை இல்லாமல்தான் சமைக்கிறாள். இடம் கூடியது, கீரையின் ஆயுள் கூடவில்லை. வாரத்தில் ஒரு நாள் கீரை போதும், மற்றபடி கிழங்கும் கோஸும் சாப்பிடுவோம் என்கிற வீட்டுக்கு அந்த வழி நன்றாகவே பொருந்தும்.

காயை வெட்டி டப்பாவில் அடைத்தால் இடம் பாதியாகுமே என்றும் முயன்று பார்த்தேன். பீன்ஸ் இரண்டு லிட்டரிலிருந்து ஒன்றுக்கு வந்தது உண்மை. ஆனால் வெட்டிய இடமெல்லாம் காய்ந்து பழுப்பேறி, ஐந்து நாள் நிற்கிற காய் இரண்டு நாளில் வீணாகிறது. மறுநாள் சமையலுக்கு மட்டும் முந்தின இரவு வெட்டி வைக்கிறேன்.

உங்கள் வீட்டுக்குக் கணக்குப் போட வேண்டுமென்றால் முதலில் ட்ரேயைத் தண்ணீரால் அளந்து அதில் முக்கால் பங்கை எடுத்துக்கொள்ளுங்கள். பிறகு ஞாயிறு வாங்கி வந்த காய்களை அதே ட்ரேயில் வகை வகையாகத் தனித்தனியே போட்டு, எது எவ்வளவு உயரம் வருகிறது என்று பார்த்தால் லிட்டர் கணக்கு வந்துவிடும். நான்கு நாளுக்குள் கெடும் காய்கள் மட்டும் ட்ரேயின் பாதியைத் தாண்டினால் அவற்றை நடுவாரத்துக்குத் தள்ளுங்கள். எங்கள் வீட்டில் நடுவாரம் என்பது புதன். உங்கள் பக்கத்தில் வாரச்சந்தை எந்தக் கிழமை கூடுகிறதோ அதற்கேற்ப அந்த நாளை வைத்துக்கொள்ளலாம், ஆனால் மாவு அரைக்கும் நாளோடு மட்டும் அதைச் சேர்த்துவிடாதீர்கள்.