பல் கிளிப் போட்டவர்களுக்கு “வாட்டர் ஃப்ளாசர் மட்டும் போதும்” என்று சொன்னால் நம்பாதீர்கள்

பல்லுக்குக் கிளிப் போட்டிருப்பவர்களும் அவர்களைப் பெற்றவர்களும் இதைப் படித்துவிட்டுப் பணத்தை எடுங்கள். என் மகளுக்குக் கிளிப் போட்ட பல் மருத்துவமனையில், வரவேற்பு மேசையில் இருந்தவரே, பல்லிடுக்கில் தண்ணீரைப் பீய்ச்சிச் சுத்தம் செய்யும் வாட்டர் ஃப்ளாசர் ஒன்றை எடுத்து வைத்தார். “இது இருந்தால் பல்லிடுக்கைத் தேய்க்கும் நூலும் வேண்டாம், குட்டி பிரஷ்ஷும் வேண்டாம், இரவில் ஒரு முறை அடித்தால் போதும்” என்றார். விலை 4,500 ரூபாய். கிளிப் கட்டணத்தோடு சேர்த்து வாங்கிக்கொண்டார்கள். தனி ரசீது கேட்டதற்கு “அடுத்த முறை தருகிறோம்” என்றார்கள். மகள் சொன்னபடியே தவறாமல் அதைப் பயன்படுத்தினாள். சில மாதங்களில் ஈறு வீங்கியது, பல் துலக்கும்போதெல்லாம் ரத்தம் வந்தது. மாதாமாதம் கம்பியை முறுக்க அழைத்தவர்கள் ஒருவரும் அதைப் பற்றி வாய் திறக்கவில்லை.

கடைசியில் வேறொரு பல் மருத்துவரிடம் போனோம். அவர் மேல் முன்பற்களைக் காற்றடித்து உலர்த்திவிட்டுக் கண்ணாடியில் காட்டினார். கம்பியைப் பிடித்துக்கொள்ளப் பல்லில் ஒட்டியிருக்கும் பிராக்கெட்டுக்கும் ஈறுக்கும் நடுவில் சுண்ணாம்பு தடவியது போல ஒரு வெள்ளைக் கோடு. பல் ஈரமாக இருந்தவரை அது கண்ணுக்கே தெரியவில்லை. அந்த இடத்தில் படியும் அழுக்குப் படலத்திலுள்ள கிருமிகள் அமிலத்தைச் சுரந்து எனாமலின் தாதுக்களைக் கரைப்பதால் வருவது அது. படலம் அப்படியே கிடந்தால் ஒரு மாதத்திற்குள்கூட அந்த வெள்ளை தோன்றிவிடும் என்றார். கிளிப்பைக் கழற்றிய பிறகும் அது பல்லில் நிற்கக்கூடும்.

அடுத்து அவர் செய்ததுதான் எங்களுக்கு விஷயத்தைப் புரியவைத்தது. நாங்கள் கொண்டுபோயிருந்த அந்த மெஷினை அங்கேயே மகளை முழுதாகப் பயன்படுத்தச் சொன்னார். பிறகு அழுக்குப் படலத்துக்குச் சாயம் ஏற்றும் மாத்திரை ஒன்றைக் கொடுத்து, மென்று கொப்பளிக்கச் சொன்னார். கம்பிக்கு அடியிலும், பிராக்கெட்டின் இரண்டு பக்கங்களிலும், கீழ்ப் பற்கள் நெருங்கி நிற்கும் இடங்களிலும் அடர்ந்த இளஞ்சிவப்பு. உணவுத் துணுக்கு ஒன்றுகூட இல்லை. படலம் மட்டும் அப்படியே இருந்தது. “தண்ணீர் துணுக்கைத் தள்ளிவிடும், ஈறையும் கொஞ்சம் தேற்றும். இது பசைபோல ஒட்டிக்கொண்டிருப்பது அம்மா, தேய்த்தால்தான் முழுதாக வரும்” என்றார் அவர். இந்தச் சாய மாத்திரை பெரிய மருந்துக் கடைகளிலும் இணையத்திலும் கிடைக்கிறது. எந்தக் கருவியை வாங்கினாலும் இதைப் போட்டுப் பார்த்துவிடுங்கள். எங்கே வேலை நடக்கவில்லை என்பதை அது காட்டிக்கொடுக்கும்.

வாட்டர் ஃப்ளாசரே வீண் என்று நான் சொல்லவில்லை. ஈறில் ரத்தம் வடிவதை அது குறைக்கிறது. சாப்பாடு சிக்கும் கிளிப்புக்கு உதவியாகவும் இருக்கிறது. ஆனால் கிளிப் போட்டவர்களுக்கென்றே நுனியில் சிறு தூரிகை வைத்த முனை தனியாக உண்டு. தண்ணீர் பீய்ச்சும்போதே பிராக்கெட்டின் ஓரத்தைத் தேய்க்கும் முனை அது. எங்களுக்குத் தந்த பெட்டியில் அது இல்லை. சாதாரண முனை இரண்டு மட்டும் கிடந்தன. தனியாகக் கேட்டால், அந்த மாடலுக்கு அப்படி ஒரு முனையே வருவதில்லையாம். கிளிப் போட்டவளுக்குக் கிளிப் போட்ட இடத்திலேயே இதை விற்றிருக்கிறார்கள் என்பதை இன்றுவரை என்னால் ஏற்க முடியவில்லை. கையடக்க மாடல் என்பதால் தொட்டியும் சிறியது. மேல் வரிசையை முடித்துக் கீழ் வரிசைக்கு வருவதற்குள் தண்ணீர் தீர்ந்துவிடும். எங்கள் வீட்டு ஆழ்குழாய்த் தண்ணீரின் உப்பு வேறு முனைத் துளையை அடைத்து, பீய்ச்சலை மெலிய வைத்தது. குடிக்கும் தண்ணீரை ஊற்றினால் இந்தச் சிக்கல் இல்லை.

நான் போய்ச் சண்டை போட்டபோது சமாதானத்துக்கு ஒரு பாக்கெட் பல்லிடுக்கு பிரஷ் கொடுத்தார்கள். எல்லாம் ஒரே பருமன். கம்பிக்கு அடியில் அது அருமையாக வேலை செய்தது: மேலிருந்து ஒரு முறை, கீழிருந்து ஒரு முறை நுழைத்து, பிராக்கெட்டின் இரு பக்கமும் மெல்ல முன்னும் பின்னும் தேய்க்க வேண்டும். சாயம் நின்ற இடம் பெரும்பாலும் வெளுத்துவிட்டது. ஆனால் அதே பிரஷ்ஷைத்தான் நெருக்கமான கீழ் முன்பற்களுக்கும் போடச் சொல்லியிருந்தார்கள். நுழையாததை அழுத்தியதில் நடுக்கம்பி வளைந்து, இரண்டு பல்லுக்கு நடுவே முக்கோணமாக நிற்கும் ஈறில் குத்திவிட்டது.

இந்த பிரஷ்களுக்குச் சர்வதேசத் தர அளவு உண்டு. 0 முதல் 8 வரை. பிரஷ் எவ்வளவு சிறிய துளைக்குள் புகும் என்பதை வைத்து அந்த எண் வருகிறது. 0 என்றால் 0.6 மில்லிமீட்டர் அல்லது அதற்கும் குறைவான துளை; எண் ஏற ஏற இடைவெளியும் பெரிதாகும். நிறத்தை நம்பி வாங்காதீர்கள், ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி நிறம் வைத்திருக்கிறது. ஒரே வாயில் இரண்டு மூன்று அளவு தேவைப்படும். தூரிகை மயிர் இரு பக்கப் பல்லையும் லேசாக உரச, நடுக்கம்பி எதிலும் இடிக்காமல் போனால் அது சரியான அளவு. மிகச் சிறியதும் போகாத இடத்தில் அழுத்தக் கூடாது, அங்கே நூல்தான்.

நூலுக்கு வில்லன் கிளிப்பின் கம்பிதான். மேலிருந்து இறங்க விடாது. அதனால் ஒரு முனை விறைப்பாகவும் நடுப்பகுதி பஞ்சுபோலவும் இருக்கும் நூலை வாங்க வேண்டும், அல்லது சாதாரண நூலைக் கோத்து இழுக்க நைலான் வளையம் வாங்க வேண்டும். விறைத்த முனையைக் கம்பிக்கு அடியில் விட்டு இழுத்து, நூலை இடுக்கில் இடவலமாக மெல்ல அசைத்து இறக்க வேண்டும். சடக்கென்று அழுத்தினால் ஈறு கிழியும். இறங்கியதும் ஒரு பல்லை அணைத்தாற்போல் வளைத்து, ஈறின் விளிம்புக்குச் சற்று உள்ளே வரை மேலும் கீழும் தேய்க்க வேண்டும்; பிறகு அடுத்த பல். மிக நெருக்கமான இடுக்குக்கு மெழுகு பூசிய நூலோ தட்டையான நாடா நூலோ வழுக்கிக்கொண்டு இறங்கும். ஒரே இடத்தில் நூல் எப்போதும் நாரு நாராகக் கிழிந்தால் அங்கே சொத்தையோ, துருத்தி நிற்கும் பல் அடைப்போ, கெட்டியாகப் படிந்த பற்காரையோ இருக்கலாம், மருத்துவரிடம் காட்டுங்கள். நேரம் பிடிக்கும் வேலைதான், இரவில் ஒரு முறை செய்தால் போதும்.

இப்போது மகள் கம்பிக்கு அடியில் பிரஷ், கீழ் முன்பற்களுக்கு நூல், பள்ளியிலிருந்து வந்ததும் துணுக்கு போக மெஷின் என்று பிரித்துச் செய்கிறாள். ஈறில் ரத்தம் நின்றுவிட்டது. வெள்ளைக் கோட்டுக்கு ஃப்ளூரைடு பூச்சு போட்டிருக்கிறார்கள். எந்த அளவுக்கு மங்கும் என்பது கிளிப்பைக் கழற்றிய பிறகுதான் தெரியும்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, “வாயில் வைத்த பொருளை வாங்க மாட்டோம்” என்று பதில் வந்தது. கிளிப்புக்குப் பொருந்தாத பொருளைப் பொருந்தும் என்று சொல்லி விற்றதைத்தான் நான் கேட்கிறேன். பொருளுக்கு ரசீது தர மறுப்பதை 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் முறையற்ற வணிக நடைமுறை என்கிறது. ரசீதில் கெடு எதுவும் குறிப்பிடாவிட்டால், குறையுள்ள பொருளை 30 நாளுக்குள் திரும்ப வாங்கிப் பணத்தைத் தர மறுப்பதும் அப்படியே. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிவு செய்துவிட்டேன். நீங்கள் வாங்குவதாக இருந்தால் கிளிப் கட்டணத்தோடு கலக்க விடாமல், மாடல் பெயரும் உடன் வரும் முனைகளும் எழுதிய தனி ரசீதை அந்த மேசையிலேயே கேட்டு வாங்குங்கள். பெட்டியையும் அங்கேயே பிரித்துப் பாருங்கள்.