பசையா, நிறமா, மணமா: பரீட்சையில் நான் எடுத்த கேள்வி

சமையல் எண்ணெய் தொழில்நுட்பப் பரீட்சையில் கடைசிக் கேள்வி இதுதான்: பசை நீக்கம், நிற நீக்கம், மண நீக்கம் ஆகிய மூன்றில் ஏதேனும் ஒன்றை எடுத்துக்கொண்டு, அது எதை அகற்றுகிறது, எப்படி அகற்றுகிறது என்று விளக்க வேண்டும். என் நண்பர்கள் பெரும்பாலும் மண நீக்கத்தின் பக்கம் போனார்கள். படம் போட வசதியாக இருக்கும், வெப்பநிலை, அழுத்தம் என்று எழுத எண்களும் நிறைய உண்டு. நான் பசை நீக்கத்தை, அதாவது டீகம்மிங்கை எடுத்தேன். மூன்றில் ஆய்வகத்தில் கைப்படச் செய்து பார்த்தது அது ஒன்றுதான். மற்ற இரண்டும் எனக்குப் பாடமும் ஆலையில் ஒருமுறை சுற்றிப் பார்த்ததும்தான். அதனால் என் சாய்வு எந்தப் பக்கம் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

மண நீக்கத்தைச் சுருக்கமாக முடித்துவிடலாம். எண்ணெயைச் சுமார் 230 முதல் 260 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்கி, சில மில்லிபார் அளவுக்கு அழுத்தத்தைக் குறைத்து, உள்ளே நீராவியைச் செலுத்துகிறோம். எது ஆவியாகுமோ அது நீராவியோடு போகும்: மணம் தரும் ஆல்டிஹைடுகள், கீட்டோன்கள், கட்டற்ற கொழுப்பு அமிலங்கள். கூடவே வைட்டமின் ஈ-யைச் சேர்ந்த டோக்கோபெரால்களில் ஒரு பங்கும் போய்விடும். கரோட்டின் வெப்பத்தில் சிதைவதால் நிறமும் கொஞ்சம் வெளுக்கும். ஆவியாகாதது எதுவும் இங்கே போகாது. இந்த ஒரு வரியை மறந்துவிட்டு, மண நீக்கத்தில் உலோகமும் பசையும் நீங்கும் என்று எழுதுகிறவர்கள் உண்டு.

நிற நீக்கம் பெயரால் ஏமாற்றும். அமிலத்தால் செயலூட்டிய களிமண்ணை அரை முதல் இரண்டு சதவீதம் வரை சேர்த்து, 90 முதல் 110 டிகிரியில் வெற்றிடத்தில் அரை மணி நேரம் போலக் கலக்கி வடிகட்டுகிறோம். பச்சையம் மண்ணில் ஒட்டிக்கொள்கிறது, அது சரி. ஆனால் காரத்தால் அமிலத்தைச் சமன் செய்ததில் மீதமிருக்கும் சோப்பு, இரும்பு, தாமிரம் போன்ற உலோகத் தடயங்கள், கொஞ்சம் பசை ஆகியவற்றையும் இதே மண்தான் பிடிக்கிறது. எண்ணெய் காற்றுபட்டுக் கெடும்போது உருவாகும் பெராக்சைடுகளை அது வெறுமனே பிடித்து வைப்பதில்லை, உடைக்கிறது. அதனால்தான் நிற நீக்கம் முடிந்ததும் பெராக்சைடு மதிப்பு சரிந்து, ஆல்டிஹைடுகளைக் காட்டும் அனிசிடின் மதிப்பு ஏறும். உடைந்து உருவான ஆல்டிஹைடுகளில் ஆவியாகக்கூடியவற்றை மண நீக்கம் இழுத்துவிடும். கட்டற்ற கொழுப்பு அமிலத்தை மண் குறைக்காது. சில நேரம் சற்றுக் கூட்டவும் செய்யும்.

இனி பசை நீக்கம். இந்தப் பசை என்பது பாஸ்பரஸ் அடங்கிய கொழுப்புகளான பாஸ்பேட்டைடுகள். பாஸ்போலிப்பிடு என்றும் சொல்வார்கள். ஆய்வகத்தில் அவற்றை நேரடியாக எடை போடுவதில்லை, பாஸ்பரஸைப் பிபிஎம்மில், அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்று அளக்கிறோம். பாஸ்பரஸ் பிபிஎம் அளவைத் தோராயமாக 30-ஆல் பெருக்கினால் பாஸ்பேட்டைடு பிபிஎம் கிடைக்கும். கச்சா சோயா எண்ணெயில் 700 பிபிஎம் பாஸ்பரஸ் இருப்பதாக வைத்துக்கொள்வோம். பெருக்கினால் 21,000, அதாவது 2.1 சதவீதம். ஒரு டன்னில் 21 கிலோ பசை.

எண்ணெயை 60 முதல் 70 டிகிரிக்குச் சூடாக்கி, பசையின் எடைக்குக் கிட்டத்தட்டச் சமமாகத் தண்ணீர், இங்கே 20 கிலோ போல, சேர்த்து அரை மணி நேரம் மெதுவாகக் கலக்குகிறோம். பாஸ்பேட்டைடு தண்ணீரைக் குடித்து ஊதிக் கனமாகி, எண்ணெயில் கரையாமல் பிரிகிறது. சென்ட்ரிபியூஜ் அதைத் தனியே தள்ளிவிடுகிறது. சூடு அதிகமானால் பசை மறுபடியும் எண்ணெயில் கரையும். குறைந்தால் எண்ணெய் கெட்டியாகிப் பிரிவது சிரமம். தண்ணீர் அதிகமானால் எண்ணெயும் நீரும் குழம்பிப் பால் போலாகும். ஆய்வகத்தில் முதல் முறை எனக்கு ஆனது அதுதான். அளவுக் குவளையில் மூன்று அடுக்கு தெரிந்தது, நடு அடுக்கு எதுவென்று சொல்லவே முடியவில்லை.

எல்லாம் சரியாக நடந்தாலும் பாஸ்பரஸ் பூஜ்யத்துக்கு வராது. நம் உதாரணத்தில் 150 பிபிஎம் மிஞ்சியது என்போம். அப்படியானால் 4.5 கிலோ பசை இன்னும் உள்ளே இருக்கிறது, 16.5 கிலோ வெளியே வந்திருக்கிறது. மிஞ்சியது தண்ணீர் போதாததால் அல்ல. பாஸ்பாட்டிடிக் அமிலம், பாஸ்பாட்டிடில் எத்தனாலமைன் ஆகியவை கால்சியம், மக்னீசியத்தோடு கூடி உப்பாகியிருந்தால் அவை தண்ணீரை ஏற்காது. விதை அடிபட்டு, ஈரத்தில் கிடந்திருந்தால் அதிலுள்ள நொதிகள் பாஸ்பேட்டைடுகளை உடைத்து இந்த வகையைக் கூட்டிவிடும். அதனால்தான் அடுத்து பாஸ்பாரிக் அமிலமோ சிட்ரிக் அமிலமோ சிறிதளவு சேர்க்கிறோம். அமிலம் அந்த உலோகப் பிணைப்பை விடுவிக்கும். பிறகு கொஞ்சம் காரம் சேர்த்துத் தண்ணீர் விட்டால் பசை நீரை ஏற்று வெளியேறும். பாஸ்பரஸ் இருபது முப்பது பிபிஎம்முக்கு இறங்கலாம்.

இந்த மிச்ச பாஸ்பரஸ்தான் நான் பசை நீக்கத்தின் பக்கம் நிற்பதற்குக் காரணம். மூன்று படிகளில் இங்கே செய்த தவறுதான் மற்ற இரண்டு இடத்திலும் தலை காட்டும். 150 பிபிஎம்மோடு அப்படியே நிற நீக்கத்துக்குப் போனால், களிமண்ணின் இடத்தைப் பசை பிடித்துக்கொள்ளும், பச்சையத்துக்கு இடமிருக்காது. வடிகட்டியில் அழுத்தம் வழக்கத்தைவிடச் சீக்கிரம் ஏறும். மண்ணைக் கூட்டிப் போடுவார்கள். பயன்படுத்திய மண் தன் எடையில் கால் பங்கு அளவுக்கு எண்ணெயை உறிஞ்சி வைத்திருப்பதால், கூட்டிய ஒவ்வொரு கிலோ மண்ணும் நஷ்டம்தான். அதையும் தாண்டிப் பசை மண நீக்கத்துக்குப் போய்விட்டால் 240 டிகிரியில் கருகும். நல்ல எண்ணெய் மண நீக்கத்தில் வெளுக்க வேண்டும். இது பழுப்பேறி வெளியே வரும். நிறத்தை அளக்கும் லவிபாண்ட் அளவியில் சிவப்பு எண் குறைவதற்குப் பதில் கூடியிருந்தால், மண நீக்கக் கலனைச் சந்தேகிப்பதற்கு முன்னால் பாஸ்பரஸ் அளவைத் திரும்பிப் பார்ப்பது நல்லது. அப்படிப் பதிந்த நிறத்தைப் பிறகு எடுப்பது கஷ்டம்.

காரத்தால் அமிலத்தைச் சமன் செய்யும் முறை நடுவில் இருந்தால் இவ்வளவு கடுமை இல்லை. அந்தப் படி கட்டற்ற கொழுப்பு அமிலத்தோடு கொஞ்சம் பசையையும் சோப்போடு இழுத்துப் போகும். சமன் செய்யாமல் அமிலத்தை மண நீக்கத்திலேயே ஆவியாக்கி எடுக்கும் முறையில் அந்தத் தயவு கிடையாது. மண நீக்கத்துக்கு முன் பாஸ்பரஸ் 5 பிபிஎம்முக்குக் கீழே வந்தாக வேண்டும்.

இவ்வளவையும் எழுதிவிட்டு ஒன்றை விட்டுவிட்டேன். பிரிந்து வரும் பசை சுத்தமான பசை அல்ல, உலர்த்திப் பார்த்தால் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எண்ணெய் இருக்கும். 16.5 கிலோ பசையோடு எட்டு ஒன்பது கிலோ எண்ணெயும் போகிறது. நான் நஷ்டக் கணக்கில் 16.5 மட்டும் போட்டேன். வெளியே வந்து படியில் உட்கார்ந்தபோதுதான் அது ஞாபகம் வந்தது.