12 மீட்டருக்குப் பணம் கட்டி 2 திரைச்சீலை: மீட்டர் துணி எடுக்கப் போகிறவர்கள் படிக்கவும்

கை நடுங்குகிற கோபத்தில் எழுதுகிறேன், கொஞ்சம் முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். கடை பெயர் போடவில்லை. ரெடிமேடும் மீட்டர் துணியும் சேர்த்து விற்கிற பெரிய ஜவுளிக்கடை, உள்ளே ஏசி, மேலே வரிசையாக விளக்கு. அந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது, அது போதும்.

வீட்டு ஜன்னல்களுக்கு 4 திரைச்சீலை தைக்கச் சாம்பல் நிறத் துணி எடுத்தேன். ஒரு திரைக்கு மேல் மடிப்பு, கீழ் மடிப்பு எல்லாம் சேர்த்து 3 மீட்டர், ஆகமொத்தம் 12 மீட்டர். பன்னா, அதாவது துணியின் அகலம், எவ்வளவு என்று விற்பனையாளரைக் கேட்டேன், 54 இஞ்ச் என்றார். ரோலை விரித்துக் காட்டினார், தடவிப் பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. அளக்க ஆரம்பித்தவர் மீட்டர் கட்டையோடு நிமிர்ந்து, "நீங்க பில்லு போட்டுட்டு வந்துடுங்கக்கா, கியூ பெருசாகுது, நான் கிழிச்சு மடிச்சு வைக்கிறேன்" என்றார். எவ்வளவு அக்கறையாகச் சொன்னார் தெரியுமா! 12 மீட்டருக்கும் பணத்தைக் கட்டிவிட்டுத் திரும்பி வந்தால், கவரில் போட்டு டேப் ஒட்டித் தயாராக வைத்திருந்தார்.

வீட்டில் பிரித்தபோதுதான் தெரிந்தது, உள்ளே ஒரே துண்டாக இல்லை. 7 மீட்டர் ஒன்று, 5 மீட்டர் ஒன்று. முதல் ரோல் 7 மீட்டரில் தீர்ந்துபோக, மீதியை வேறு ரோலில் கிழித்து, இரண்டையும் ஒன்றாக மடித்து வைத்திருக்கிறார். சொல்லவே இல்லை.

சரி, ஒரே துணிதானே என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய் இரண்டையும் ஓரத்தோடு ஓரம் வைத்தேன். ஒன்று நீலம் பாய்ந்த சாம்பல், இன்னொன்று லேசாகச் செம்மை. குழந்தை கூடச் சொல்லிவிடும். ராத்திரி டியூப்லைட்டில் அதே இரண்டையும் வைத்தால் ஒரே நிறம்! இது கண் செய்கிற மாயம் இல்லை. ஒவ்வொரு முறை சாயம் போடும்போதும் சாயக்கலவை கொஞ்சம் மாறும். ஒரு லாட்டின் சாம்பலும் அடுத்த லாட்டின் சாம்பலும் வேறு வேறு சாயங்களைக் கலந்து வந்திருக்கலாம். ஒரு விளக்கில் இரண்டும் பொருந்தும், வேறு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். சாம்பல், காக்கி, பழுப்பு மாதிரிக் கலவை நிறங்களில்தான் இந்தத் தொல்லை அதிகம், ஏனென்றால் இரண்டு மூன்று சாயம் சேர்ந்துதான் அந்த நிறமே வரும். ஒன்று கூடிக் குறைந்தாலும் பச்சை பக்கமோ சிவப்பு பக்கமோ சாய்ந்துவிடும். கடையில் விளக்கு அத்தனை பளிச்சென்று இருப்பதால் நிறம் சரியாகத் தெரியும் என்று யாரும் நம்ப வேண்டாம். பளிச் வேறு, பகல் வேறு.

அப்புறம் டேப் எடுத்து அகலம் பார்த்தேன். 7 மீட்டர் துண்டு கரைக்குக் கரை 54 இஞ்ச், சரி. 5 மீட்டர் துண்டு 51 தான்! கணக்குப் போட்டால், அந்த 5 மீட்டரில் மட்டும் கால் மீட்டருக்கு மேல் துணி போய்விட்டது, பணம் மட்டும் முழுசாகப் போனது. அந்த 54, 51 கூட கரையைச் சேர்த்து. மில்லில் துணியை இழுத்துப் பிடித்துக் காயவைக்கிற இயந்திரத்தின் ஊசித் துளைகள் கரையோரம் வரிசையாக இருக்கும். அந்த இடத்தைத் தையலில் உள்ளே மடித்தே ஆக வேண்டும், வெளியே காட்ட முடியாது. ஆக, பன்னா என்று சொல்லும் எண்ணில் கை வைக்கக் கிடைப்பது அதைவிடக் குறைவுதான்.

இதோடு முடிந்திருந்தால் கூடப் பொறுத்திருப்பேன். 5 மீட்டர் துண்டைக் குறுக்கே பிடித்து வெளிச்சத்துக்கு எதிரே தூக்கினேன். ஏறக்குறைய பாதியில், ஒரு கரையிலிருந்து மறு கரை வரை மெல்லிய வெளிர்க் கோடு. குறுக்கே ஓடுகிற ஊடை நூல் ஒன்று விட்டுப்போன இடம். மேஜையில் விரித்துப் பார்த்தால் ஒன்றும் தெரியாது. அதே நேர்கோட்டில் கரையைப் பார்த்தேன்: சின்னதாகச் சிவப்பு நூல் துணுக்கு, கத்தரியால் ஒட்ட வெட்டிய மிச்சம். மில்லில் துணியைப் பரிசோதிக்கிறவர்கள் பழுது இருக்கிற இடத்துக்கு நேராகக் கரையில் நூல் கட்டுவார்கள், சில இடத்தில் ஸ்டிக்கர் ஒட்டுவார்கள், வாங்குகிறவருக்குத் தெரியட்டும் என்றுதான். அதை வெட்டி எறிந்துவிட்டு எனக்கு விற்றிருக்கிறார்கள். தெரியாமல் நடந்தது என்று என்னிடம் யாரும் சொல்லாதீர்கள்.

இப்போது கணக்குப் பாருங்கள். 7 மீட்டரில் 2 திரை, 1 மீட்டர் மிச்சம். 5 மீட்டரில் ஒன்றுகூட இல்லை, கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 3 மீட்டர் தேறவில்லை. தையல்காரர் துணியைத் தொடாமலே "இத வெட்டிட்டு நான் பதில் சொல்ல முடியாதுங்க" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார், நியாயம்தான். 12 மீட்டர் பணம், 2 திரை.

துணியை எடுத்துக்கொண்டு போய் நின்றால் ஒவ்வொருவரும் ஒவ்வொரு கதை. கிழித்துக் கொடுத்தவர் என்னைப் பார்த்ததே இல்லை என்கிற மாதிரி நின்றார். சூப்பர்வைசர், "லைட்டுல அப்படித்தாங்க தெரியும், ஒரு தண்ணி நனைச்சீங்கன்னா ஒண்ணாயிடும்" என்றார். நனைத்தால் நிறம் எப்படி ஒன்றாகும்? வெவ்வேறு லாட் அதே மாதிரிதான் இருக்கும், அதோடு நனைத்த துணியை நிச்சயமாகத் திருப்பி எடுக்க மாட்டார்கள். எனக்குச் சொன்ன அறிவுரையே அதற்காகத்தான் என்று இப்போது தோன்றுகிறது. அகலத்தைக் காட்டினால் "மில்லுலயே அப்படித்தான் வருது". கோட்டைக் காட்டினால் "கைத்தறி மாதிரி, அதான் அழகே". இது மில் துணி என்று அவரே அரை நிமிஷத்துக்கு முன்னால் சொன்னார்! கடைசியில் எல்லாருக்கும் ஒரே மந்திரம்: "கிழிச்ச துணி ரிட்டர்ன் இல்ல, பில்லுல போட்டிருக்கு பாருங்க." முதலாளியைக் கேட்டால் வெளியே போயிருக்கிறார். எப்போது கேட்டாலும் வெளியேதான். 12 மீட்டர் பணத்தை உள்ளே வாங்கிப் போடும்போது மட்டும் எல்லாரும் உள்ளேயே இருந்தார்கள்.

என்ன செய்ய வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், இப்போது பொறுமை இல்லை. கிழிக்கும்போது மேஜையை விட்டு நகராதீர்கள், பில் காத்திருக்கட்டும். ஒரே ரோலில் முழு அளவும் வருமா என்று முதலிலேயே கேளுங்கள். வராவிட்டால் இரண்டு ரோலின் ஓரத்தையும் வாசலுக்கு எடுத்துப்போய் பகல் வெளிச்சத்தில் ஒன்றன் மேல் ஒன்றாக, நீளவாக்கில் ஓடுகிற பாவு நூல் ஒரே திசையில் இருக்கும்படி வைத்துப் பாருங்கள். நேர் வெயிலில் வேண்டாம், நிழலில் கிடைக்கிற வெளிச்சம் போதும், அந்தி சாய்ந்த பிறகு பார்ப்பது வீண். டேப் கையில் வைத்துக்கொண்டு பன்னாவை இழுக்காமல் அளங்கள், ரோலுக்கு ரோல் அளங்கள். கரையை விரலால் தடவிக்கொண்டே போங்கள், நூலோ ஸ்டிக்கரோ வெட்டிய துணுக்கோ தட்டுப்பட்டால் அந்த இடத்தைத் தூக்கி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். "வெளியே எடுத்துப்போக விட மாட்டோம்" என்று சொன்னால் அந்த இடத்திலேயே ரோலை வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

அந்த 5 மீட்டர் இன்னும் கவருக்குள்ளேயே கிடக்கிறது. நாளைக்கு மறுபடியும் கடைக்குப் போகிறேன், இந்த முறை பில்லோடும் டேப்போடும், கரையில் அந்தச் சிவப்புத் துணுக்கு தெரிகிற போட்டோவோடும்.