ஸ்கூல் கார்பூல் டர்ன்: கிழமை முறையா, சுத்து முறையா, பாயின்ட் முறையா?

நாலு வீடு சேர்ந்து ஒரே கார்ல பசங்களை ஸ்கூலுக்கு அனுப்புறதுன்னு முடிவு பண்ணியாச்சு, குரூப்பும் ஆரம்பிச்சாச்சு, முதல் வாரம் எல்லாம் நல்லாதான் போகும். யாருக்காவது ஜுரம், யாருக்காவது மீட்டிங், நடுவுல ஒரு லீவுன்னு வரும்போதுதான் தெரியும் நாம போட்ட டர்ன் தாங்குமா தாங்காதான்னு. அதனால மூணு முறையையும் ஒரே உதாரணத்துல வச்சு பாத்துடலாம். கவின், நிலா, ஆதி, யாழினின்னு நாலு பசங்க, நாலு வீடு, வாரத்துல அஞ்சு நாள் ஸ்கூல் (பேரெல்லாம் சும்மா வச்சது). ஒரு வாரம் முழுக்க ஒரே வீடுன்னு நாலாவதா ஒரு முறையும் சொல்வாங்க. ஞாபகம் வச்சுக்க அதுதான் ஈஸி, ஆனா அந்த வாரம் ஊருக்கு போக வேண்டி வந்தா அஞ்சு நாளையும் யார் தலையில கட்டுறது? அதை விட்டுடலாம்.

கிழமை முறைன்னா திங்கள் கவின் வீடு, செவ்வாய் நிலா வீடு, புதன் ஆதி வீடு, வியாழன் யாழினி வீடு, வெள்ளி மட்டும் முறை வச்சு சுத்தும். சுத்து முறைல கிழமையே கிடையாது, கவின் நிலா ஆதி யாழினி, திரும்ப கவின்னு வரிசையா ஓடும், அதனால முதல் வாரம் திங்களும் வெள்ளியும் கவின் வீடு, அடுத்த வாரம் திங்கள் நிலா வீடு. கணக்கா பாத்தா சுத்து முறைதான் நியாயம், 20 ஸ்கூல் நாளுக்கு எல்லாருக்கும் சரியா 5 டர்ன். ஆனா நடுவுல ஒரு லீவு விழட்டும், அன்னைக்கு டர்ன் இருந்தவங்க தப்பிச்சாங்களா இல்ல எல்லாருக்கும் ஒரு நாள் தள்ளுதான்னு ஒரு பஞ்சாயத்து வரும். தள்ளினா அதுக்கப்புறம் வர்ற எல்லா தேதியும் மாறும், ஆபீஸ்ல அனுமதி வாங்கி வச்சவங்க அத்தனை பேரும் மறுபடி கேக்கணும். கிழமை முறைல அந்த தொல்லை இல்ல. திங்கள் லீவா, கவின் வீட்டுக்கு ஒரு டர்ன் குறையுது, சரி, அடுத்த வெள்ளி அவங்க எடுத்துக்கட்டும். வெள்ளியை சுத்த விடுறதே இந்த மாதிரி ஏத்த இறக்கத்தை சரி பண்ணத்தான்.

மூணாவது பாயின்ட் முறை. இது புதுசு இல்ல, 1983லயே ஐபிஎம்ல இருந்த ரொனால்ட் ஃபேகினும் ஜான் வில்லியம்ஸும் கார்பூலுக்குன்னே எழுதி வச்ச கணக்கு. ஒரு ட்ரிப்போட மதிப்பு 12ன்னு வச்சுக்கோங்க, 4, 3, 2 எதால வகுத்தாலும் மீதி வராது பாருங்க, அதுக்குத்தான். அன்னைக்கு கார்ல எத்தனை வீட்டுப் புள்ளைங்க போறாங்களோ அத்தனையால வகுத்து ஒவ்வொரு வீட்டுலயும் கழிக்கணும், ஓட்டினவங்களுக்கு 12 ஏத்தணும். திங்கள் நாலு பேரும் போறாங்க, கவின் வீடு ஓட்டுது, அவங்க +9, மத்த மூணு வீடும் -3. செவ்வாய் ஆதி வரல, நிலா வீடு ஓட்டுது, மூணு பேருக்கு தலைக்கு 4. இப்போ கவின் வீடு +5, நிலா வீடும் +5, யாழினி வீடு -7, வராத ஆதி வீடு அதே -3. புதன் யார் ஓட்டணும்? யார் கணக்கு ரொம்ப கீழ இருக்கோ அவங்க, அதாவது யாழினி வீடு. வராத நாளுக்கு யாரும் கடன்காரங்க ஆகறதில்ல, அதுதான் இதோட அழகு. ஆனா நாளைக்கு யார் ஓட்டப்போறாங்கன்னு இன்னைக்கு ராத்திரிதான் தெரியும். ஒரு புள்ள வாரத்துல ரெண்டு நாள்தான் வருது, இன்னொன்னு சாயந்திரம் மட்டும் வருதுன்னா மட்டும் இந்த முறைக்கு போங்க. தினம் நாலு பேரும் போற குரூப்புக்கு இது வேண்டாத வேலை, ஒரு ஆள் உக்காந்து தினம் கணக்கு எழுதணும், அந்த ஆள் யாருன்னு அதுக்கு ஒரு சண்டை.

என் ஓட்டு கிழமை முறைக்குத்தான். அதுலயும் பிக்கப் நேரத்தை ஓட்டுறவங்களோட கட்டாம வீட்டோட கட்டணும், நிறைய குரூப்ல இதைத்தான் கோட்டை விடுறாங்க. ஸ்கூல் கேட் 8:15க்கு மூடுதுன்னா 8:05க்கு சேரணும்னு வச்சு பின்னாடி இருந்து கணக்கு போடுங்க. ஒரே வழில இருக்கற நாலு வீட்டுல யாழினி வீடு ஸ்கூலுக்கு பக்கம், அங்கிருந்து 15 நிமிஷம், மத்த வீடுகளுக்கு நடுவுல நின்னு ஏத்துறது சேத்து 4 நிமிஷம். அப்போ கவின் 7:38, நிலா 7:42, ஆதி 7:46, யாழினி 7:50. யார் ஓட்டினாலும் இதே நேரம். யாழினி அப்பா ஓட்டுற வியாழன் அவர் கொஞ்சம் முன்னாடியே கிளம்பி கவின் வீடு வரை போய் திரும்பி வரணும், யாழினியும் அவரோட முழு சுத்து சுத்தும், அது அவங்க கஷ்டம். ஆனா மத்த மூணு பசங்களுக்கும் தினம் ஒரே நேரம், "இன்னைக்கு எத்தனை மணிக்கு?"ன்ற மெசேஜே வராது. வீடுங்க ஆளுக்கொரு மூலைல இருந்தா வீட்டு வாசல் பிக்கப்பை மறந்துட்டு எல்லாருக்கும் பொதுவா ஒரு இடத்தை வச்சுக்கோங்க.

இனி மாத்திக்கறது. இதுல ரெண்டு பழக்கம் இருக்கு. "இன்னைக்கு நீங்க போங்க, அப்புறம் ஒரு நாள் நான் பாத்துக்கறேன்"னு கடனா வைக்கறது ஒண்ணு, இந்த நாளுக்கு அந்த நாள்னு அங்கேயே பேசி முடிக்கறது இன்னொண்ணு. முதலாவது பாக்க பெருந்தன்மையா இருக்கும், ஒரு மாசத்துல யார் யாருக்கு எத்தனை நாள் பாக்கின்னு யாருக்கும் தெரியாது, வாய்விட்டு கேக்கவும் கூச்சம். ரெண்டாவதுதான் சரி, மாத்திக்கற ரெண்டு நாளும் ரெண்டு வாரத்துக்குள்ள இருக்கணும்.

இதை விட பெரிய ஆபத்து சாயந்திர பிக்கப்புல. "செவ்வாய் மாத்திக்கலாமா?"ன்னு ஒருத்தர் கேக்கறாங்க, இன்னொருத்தர் கட்டைவிரல் மட்டும் போடறாங்க, பாத்துட்டேன்னு அர்த்தமா சரின்னு அர்த்தமா யாருக்குத் தெரியும், ரெண்டு பேரும் மத்தவங்க போவாங்கன்னு இருந்துட்டா பசங்க கேட்லயே நிப்பாங்க. அதனால வாங்கிக்கறவங்க தன் கையால முழு வரியா எழுதினாதான் மாத்தினதா கணக்கு. குரூப்ல பின் பண்ணி வைக்க மெசேஜ் இப்படி இருந்தா போதும்:

திங்கள் கவின் வீடு, செவ்வாய் நிலா வீடு, புதன் ஆதி வீடு, வியாழன் யாழினி வீடு. காலையும் சாயந்திரமும் அதே வீடு. வெள்ளி: 3 கவின், 10 நிலா, 17 ஆதி, 24 யாழினி.
காலை: கவின் 7:38, நிலா 7:42, ஆதி 7:46, யாழினி 7:50. 2 நிமிஷம் பாத்துட்டு வண்டி கிளம்பிடும், அப்புறம் அவங்கவங்க கொண்டு விடணும்.
மாத்தணும்னா முந்தின நாள் ராத்திரி 8 மணிக்குள்ள. வாங்கிக்கறவங்க எழுதணும்: "14 செவ்வாய் நான் (கவின் அம்மா) போறேன், 20 திங்கள் நிலா அப்பா போறார்."
8 மணிக்கு மேல அவசரம்னா அடுத்த டர்ன் வீடு எடுக்கும், அவங்க டர்ன் இவங்களுக்கு.

ராத்திரி 8 மணின்னு வச்சதுக்கு காரணம் பூஸ்டர் சீட். சின்னவ யாழினிக்கு அது வேணும், வண்டி மாறினா ராத்திரியே அதை மாத்தி மாட்டணும், காலைல 7:38க்கு நின்னு பெல்ட்டோட மல்லுக்கட்ட முடியாது. வாங்கிக்கறவங்க பேரு ஸ்கூல்ல குடுத்த பிக்கப் லிஸ்ட்ல இருக்கான்னும் முன்னாடியே பாத்துக்கோங்க, நிறைய ஸ்கூல்ல லிஸ்ட்ல இல்லாத ஆள் வந்தா, தாத்தாவே ஆனாலும், புள்ளைய விட மாட்டாங்க.

தன் புள்ளைக்கே ஜுரம்னா அன்னைக்கு டர்ன் யாருதுன்னு கேப்பீங்க. பாயின்ட் முறைல அந்த வீடு அன்னைக்கு கணக்குலயே வராது, தானா அடுத்தவங்களுக்கு போயிடும். கிழமை முறைல டர்ன் அவங்களுதுதான், ஆனா ஜுரத்துல இருக்கற புள்ளைய வீட்டுல தனியா விட்டுட்டு வண்டி எடுக்க முடியாதுல்ல, அதனால கடைசி வரில இருக்கற அவசர விதிதான். அடுத்த டர்ன் வீட்டுக்கு மெசேஜ் போட்டா பத்தாது, போன் பண்ணி சொல்லிடுங்க, காலைல 7 மணிக்கு யாரு குரூப்பை பாக்கப் போறாங்க.